எந்த நாளின் ரேட்? வெளிநாட்டுப் பயணக் கணக்கில் நாணய மாற்றைச் சரிபார்ப்பது பற்றி

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் நேரடியாகப் பறக்கலாம். மாநாட்டுக்குப் போகும் பேராசிரியர்களுக்கும் வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் பொறியாளர்களுக்கும் சென்னை வழியாகச் சுற்ற வேண்டிய தேவை பெரிதும் இல்லாமல் போய்விட்டது. ஊர் திரும்பிய வாரத்திலேயே அவர்களுடைய பயணச் செலவுக் கணக்கு அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக்கு வந்துசேரும். விமான டிக்கெட்டும், ஸ்ரீரங்கம் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் பிடித்த டாக்சியும் ரூபாயில் கொடுத்தவை. அவற்றில் சிக்கல் இல்லை. சிங்கப்பூர் டாலரில் இருக்கும் ஏழெட்டுப் பில்களில்தான் பேச்சு தொடங்கும். “சார், ஹோட்டல் பில் 14-ஆம் தேதி, கார்டு ஸ்டேட்மென்ட் 17-ஆம் தேதி. எந்த ரேட்டைப் போடுறது?” என்று கணக்காளர் கேட்பார். கேட்கப்பட்டவருக்கும் பதில் தெரியாது.

கேள்வி நியாயமானது. நான்கு நாள் பயணத்துக்குள் ஒரே சிங்கப்பூர் டாலருக்கு நான்கைந்து ரேட் வந்துவிடுகிறது. புறப்படும் முன் நோட்டு வாங்கிய அன்று ஒன்று, ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்றிய அன்று ஒன்று, பில் போட்ட அன்று ஒன்று, கிரெடிட் கார்டு கணக்கில் ஏறிய அன்று ஒன்று, மிச்ச நோட்டைத் திருப்பி விற்ற அன்று இன்னொன்று. இவற்றுள் சரியானது எது, அதை எப்படிச் சரிபார்ப்பது, ரூபாய் வித்தியாசம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதைத் திருச்சி–சிங்கப்பூர் பயணம் ஒன்றின் கணக்கை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை. கணக்கில் வரும் ரேட்டுகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. வரி, கட்டணம் ஆகியவற்றின் முறை நடப்பில் இருப்பது.

அலுவலகங்களின் மூன்று வழக்கங்கள்

முதல் வழக்கம் பில் தேதி ரேட். ஒவ்வொரு பில்லுக்கும் அதன் தேதியில் ஏதேனும் ஒரு பொதுப் பட்டியலில் இருந்த ரேட்டைப் போட்டுப் பெருக்குவார்கள். பட்டியலைத் திறந்து யாரும் சரிபார்த்துவிடலாம் என்பது இதன் பலம். ஆனால் பயணி அந்த ரேட்டில் பணம் கொடுத்திருக்கவே மாட்டார். பொதுப் பட்டியலில் வருவது பெரும்பாலும் வங்கிகள் தமக்குள் வாங்கி விற்கும் மொத்த விலை. சில்லறையில் நோட்டு வாங்குபவருக்கு அந்த விலை எங்கும் கிடைக்காது.

இரண்டாவது, பயணம் முழுவதற்கும் ஒரே ரேட். புறப்பட்ட நாளின் ரேட்டையோ அந்த மாதத்தின் சராசரியையோ எல்லாப் பில்லுக்கும் போட்டுவிடுவது. இதற்குக் கணக்கியலில் ஆதாரம் இருப்பதாகச் சொல்வார்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கணக்கியல் தரநிலை 11, அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனையை அது நடந்த நாளின் ரேட்டில் பதியச் சொல்கிறது. ரேட் அதிகம் ஏறி இறங்காத காலத்தில் வார, மாதச் சராசரியைப் பயன்படுத்தவும் இடம் தருகிறது. ஆனால் அது நிறுவனம் தன் புத்தகத்தில் பதியும் முறை. தன் கையிலிருந்து ரூபாய் போட்டுச் செலவழித்த ஊழியருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விதியை இரண்டாவதற்குப் பயன்படுத்தும்போது யாராவது ஒருவர் நஷ்டப்படுகிறார்.

மூன்றாவது, உண்மையில் போன ரூபாய். பணம் எந்த வழியாகச் சிங்கப்பூர் டாலர் ஆனதோ, அந்த வழியின் ரசீதில் இருக்கும் ரேட்டே ரேட். நோட்டுக்கு நாணய மாற்றுக் கடையின் பில், ஃபாரெக்ஸ் கார்டுக்குப் பணம் ஏற்றிய ரசீது, கிரெடிட் கார்டுக்கு மாத ஸ்டேட்மென்ட். இதில் பில் தேதி செலவு நடந்ததற்குச் சாட்சி மட்டுமே. ரேட்டை அது தீர்மானிப்பதில்லை. வேலை கூடுதல் என்பதால் பல அலுவலகங்கள் இதைத் தவிர்க்கின்றன. ஆனால் வாதம் இல்லாமல் முடியும் முறை இது ஒன்றுதான்.

நோட்டுக் கணக்கு

ரொக்கத்திலிருந்து தொடங்குவோம். பயணி கன்டோன்மென்ட்டில் ஒரு கடையில் 600 சிங்கப்பூர் டாலரை 63.40 ரேட்டில் வாங்குகிறார். 38,040 ரூபாய். இதன்மேல் ஜிஎஸ்டி உண்டு. ஆனால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் அல்ல. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றுக்கு, தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு, அந்த மதிப்புக்கு மட்டும் 18 சதவீதம் வரி போடலாம் என்பது விதி. 1 சதவீதம் என்பது 380.40, அதில் 18 சதவீதம் 68.47. மொத்தம் 38,108.47.

புறப்படுவதற்கு முந்தைய நாள் போதாது என்று தோன்ற, இன்னும் 200 டாலரை 63.90 ரேட்டில் வாங்குகிறார். 12,780 ரூபாய். இங்கே 1 சதவீதம் 127.80 தான் வரும். ஆனால் சேவை மதிப்பு குறைந்தது 250 ரூபாய் என்று விதி வைத்திருப்பதால் வரி 45 ரூபாய். மொத்தம் 12,825. சிறு தொகையை இரண்டு மூன்று தடவையாக மாற்றினால் வரி விகிதம் கூடித் தெரிவதன் காரணம் இதுதான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டியதில்லை.

இப்போது பயணியின் கையில் இரண்டு ரேட்டில் வாங்கிய 800 டாலர் இருக்கிறது. சாங்கி விமான நிலையத்தில் சாப்பிட்ட 12 டாலர் எந்த நோட்டிலிருந்து போனது என்று கேட்பதில் பொருளில்லை. 50,933.47 ரூபாயை 800-ஆல் வகுத்தால் ஒரு டாலருக்கு 63.667 வருகிறது. எடையிட்ட சராசரியான இதுவே எல்லா ரொக்கப் பில்லுக்கும் உரிய ரேட். 63.40-ஐயும் 63.90-ஐயும் கூட்டி இரண்டால் வகுப்பது தவறு. ஒன்றில் 600 டாலரும் மற்றதில் 200 டாலரும் இருக்கின்றன; தவிர, வரியும் விட்டுப்போகிறது.

அவர் 720 டாலர் செலவழித்து, மிச்சம் 80 டாலரைத் திருச்சியில் 61.20-க்குத் திருப்பி விற்கிறார். 4,896 ரூபாய். இதிலும் 45 ரூபாய் வரி போய் 4,851 கைக்கு வருகிறது. கணக்கு இப்படி முடிகிறது: செலவான 720 டாலருக்குச் சராசரி ரேட்டில் 45,840.12 ரூபாய். திருப்பி விற்ற 80 டாலரின் அடக்க விலை 5,093.35, கிடைத்தது 4,851, நஷ்டம் 242.35. இரண்டையும் கூட்டினால் 46,082.47. பயணி போட்ட 50,933.47-லிருந்து திரும்பி வந்த 4,851-ஐக் கழித்தாலும் அதே 46,082.47 வருகிறது. இப்படி இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால்தான் ரொக்கக் கணக்கு சரி.

அந்த 242 ரூபாயை யார் ஏற்பது என்பது அலுவலகம் முடிவு செய்ய வேண்டியது. அலுவலகம் சொல்லி வாங்கிய தொகையின் மிச்சமென்றால் அதை ஏற்பதே முறை. பயணி தன் சொந்தச் செலவுக்கும் சேர்த்து வாங்கியிருந்தால் அந்தப் பங்கு அவருடையது. எப்படியானாலும் நஷ்டம் தனி வரியாகத் தெரிய வேண்டும். சாப்பாட்டு ரேட்டைக் கொஞ்சம் தூக்கி அதற்குள் மறைக்கக் கூடாது.

ரொக்கக் கணக்கைச் சரிபார்ப்பவர் ரூபாய்க்குள் இறங்கும் முன் ஒரு கணக்கை முடிக்க வேண்டும். வாங்கிய டாலரிலிருந்து செலவழித்த டாலரையும் திருப்பி விற்ற டாலரையும் கழித்தால் பூஜ்யம் வருகிறதா? இங்கே 800-லிருந்து 720-உம் 80-உம் போனால் பூஜ்யம். ரொக்கப் பில்களின் கூட்டுத்தொகை 760 என்று வந்தால் ஏதோ ஒரு பில் உண்மையில் கார்டில் கொடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது இரண்டு தடவை ஏறியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எந்த ரேட்டும் தேவையில்லை.

கிரெடிட் கார்டில் நாள் வித்தியாசம் எவ்வளவு?

ஹோட்டல் பில் 540 டாலர். 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்தபோது கார்டைத் தேய்த்தார்கள். போனில் உடனே ஒரு ரூபாய்த் தொகை குறுஞ்செய்தியாக வந்தது. பலர் அந்தத் தொகையையே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது வங்கி அனுமதி கொடுத்த நேரத்தில் போட்ட மதிப்பீடு. வணிகரின் வங்கி கேட்டுப் பெறும்போது, அதாவது திங்கட்கிழமை 17-ஆம் தேதி, வேறு ரேட்டில் தொகை கணக்கில் ஏறுகிறது. அறைக்குள் நுழையும்போது முன்பணமாக நிறுத்திவைத்த தொகைக்கும் இதே குறுஞ்செய்தி வரும். அது பிறகு விடுவிக்கப்பட்டுவிடும். குறுஞ்செய்தியை நம்பிக் கணக்கெழுதினால் ஒரே அறைக்கு இரண்டு தடவை கேட்டதாக முடியும். ஆதாரம் ஸ்டேட்மென்ட் மட்டுமே.

ஸ்டேட்மென்ட்டில் அந்த ஹோட்டலுக்கு எதிரே மூன்று தொகை இருக்கிறது. கார்டு நெட்வொர்க்கின் 62.90 ரேட்டில் 33,966 ரூபாய். வங்கியின் மார்க்கப் 3.5 சதவீதம், 1,188.81. அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 213.99. மொத்தம் 35,368.80. ஒரு டாலர் அவருக்கு 65.50-ஆக விழுந்திருக்கிறது.

பில் தேதி வழக்கம் உள்ள அலுவலகம் என்ன செய்யும்? 14-ஆம் தேதிப் பொது ரேட் 62.60 என்று பட்டியலில் பார்த்து 33,804 ரூபாய் தரும். பயணிக்கு 1,564.80 குறைகிறது. “நாள் மாறினதால ரேட் மாறிடுச்சு” என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்வார்கள். பிரித்துப் பார்த்தால் கதை வேறு. 62.60-க்கும் 62.90-க்கும் உள்ள 30 காசு வித்தியாசம் 540 டாலருக்கு 162 ரூபாய்தான். மிச்சம் 1,402.80-உம் மார்க்கப்பும் அதன் வரியும். நாள் மாறியதால் வந்தது பத்தில் ஒரு பங்கு. கட்டணத்தால் வந்தது பத்தில் ஒன்பது.

இந்தப் பிரிப்பைச் செய்து பார்க்காத அலுவலகம் தேதியைப் பற்றியே வருடக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கும். முடிவெடுக்க வேண்டியது கார்டு மார்க்கப்பை ஏற்கிறோமா இல்லையா என்பதைத்தான். ஏற்கிறோம் என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டால் தேதிச் சண்டையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

சில வங்கிகள் மார்க்கப்பைத் தனியே காட்டாமல் ஒரே தொகையாகப் போடும். அப்போது பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். 3.5 சதவீத மார்க்கப்பும் அதன்மேல் 18 சதவீத வரியும் சேர்ந்தால் 4.13 சதவீதம். 35,368.80-ஐ 540-ஆல் வகுத்தால் 65.498, அதை 1.0413-ஆல் வகுத்தால் 62.90. இந்த எண்ணை, விசாவோ மாஸ்டர்கார்டோ தம் தளத்தில் அந்த நாளுக்குக் காட்டும் ரேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். தொகை கணக்கில் ஏறிய நாளுக்கும் அதற்கு முந்தைய ஓரிரு நாளுக்கும் பார்த்தால் ஏதாவது ஒன்றோடு பொருந்திவிடும். எதோடும் பொருந்தாமல் மூன்று நான்கு சதவீதம் தள்ளி நின்றால், மார்க்கப் விகிதத்தைத் தவறாக எடுத்திருக்கிறோம், அல்லது அந்தப் பரிவர்த்தனை ரூபாயிலேயே நடந்திருக்கிறது.

ரூபாயிலேயே நடப்பது எப்படி? சிங்கப்பூர்க் கடைகளில் இந்தியக் கார்டை நீட்டினால் இயந்திரம் சிங்கப்பூர் டாலரா ரூபாயா என்று கேட்பதுண்டு. ரூபாயைத் தொட்டுவிட்டால் வணிகர் தரப்பு தன் சொந்த ரேட்டில் அங்கேயே மாற்றிவிடும். அந்த ரேட் பெரும்பாலும் கார்டு நெட்வொர்க்கின் ரேட்டைவிட மோசமாக இருக்கும். போதாததற்கு, வெளிநாட்டு வணிகர் என்பதால் சில வங்கிகள் இதற்கும் தனிக் கட்டணம் வாங்குகின்றன. துண்டுச் சீட்டைப் பார்த்தாலே தெரியும்: `SGD` தொகைக்குக் கீழே `INR` தொகையும் ஒரு ரேட்டும் அச்சாகியிருக்கும். இப்படிப் போன பணத்தை மறுப்பதா ஏற்பதா என்பது வேறு. எந்த நாளின் ரேட் என்ற கேள்விக்கு மட்டும் இங்கே இடமே இல்லை. ரேட் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது.

சிங்கப்பூரில் ரயிலிலும் பஸ்ஸிலும் வங்கிக் கார்டையே தட்டிப் போவோர் கணக்கில் இன்னொரு சிறு குழப்பம் வரும். ஒவ்வொரு பயணமும் தனித்தனியாக ஸ்டேட்மென்ட்டில் வராமல், சில பயணங்கள் சேர்ந்து ஒரே தொகையாகச் சில நாள் கழித்து ஏறலாம். வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு நிர்வாகக் கட்டணமும் உண்டு. பயணத் தேதியையும் ஸ்டேட்மென்ட் தேதியையும் ஒன்றுக்கொன்று பொருத்த முயன்றால் ஒன்றுகூடப் பொருந்தாது. மொத்த டாலரை மொத்த டாலரோடு பொருத்திவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

ஃபாரெக்ஸ் கார்டில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஊரில் பணம் ஏற்றிய அன்றே சிங்கப்பூர் டாலராக மாறி ரேட் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு சந்தை எங்கே போனாலும் கணக்கு மாறாது. டாலரில் ஏற்றிய கார்டை வேறு நாணயம் புழங்கும் நாட்டில் தேய்த்தால் மட்டும் இரண்டாவது மாற்று ஒன்று நடக்கும், அதற்குத் தனிக் கட்டணமும் வரும். அமெரிக்க டாலர் கார்டைக் கோலாலம்பூருக்கு எடுத்துப் போனவர் கணக்கில் இதைப் பார்க்கலாம்.

பொது ரேட் எதற்கு?

அப்படியானால் பொதுப் பட்டியலுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. பயணி காட்டும் ரேட் நம்பத்தக்க எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். ரசீது தொலைந்த செலவுக்கு ரேட் போடவும் வேண்டும். ஆனால் எந்தப் பட்டியல், அதில் எந்தப் பத்தி என்பதில் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள்.

ரிசர்வ் வங்கியின் ஆதார ரேட் என்று நாம் சொல்வதை 2018 ஜூலையிலிருந்து எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் கணக்கிட்டு வெளியிடுகிறது. வங்கி வேலை நாட்களில் காலை 11.30 முதல் 12.30 வரை நடக்கும் வர்த்தகத்தை வைத்துப் பிற்பகலில் அது வரும். அமெரிக்க டாலர், பவுண்டு, யூரோ, யென் ஆகிய நான்குக்குத்தான் நெடுங்காலமாக இந்த ரேட் கிடைத்துவந்தது. திருச்சிக்காரர்கள் அதிகம் போகும் நாடுகளின் சிங்கப்பூர் டாலரும் ரிங்கிட்டும் அந்த நான்கில் இல்லை. “ரிசர்வ் வங்கி ரேட்டில்தான் தருவோம்” என்று எழுதிவைத்த அலுவலகத்துக்குச் சிங்கப்பூர் பில் வந்தால், ரூபாய்–அமெரிக்க டாலர் ரேட்டை அமெரிக்க–சிங்கப்பூர் டாலர் ரேட்டால் வகுத்துக் குறுக்குக் கணக்குப் போட வேண்டிவரும். ஓர் அமெரிக்க டாலர் 83.50 ரூபாய், அதுவே 1.345 சிங்கப்பூர் டாலர் என்றால், ஒரு சிங்கப்பூர் டாலர் 62.08. இரண்டு ரேட்டும் ஒரே நாளுடையதாக இருக்க வேண்டும். ஒன்று வெள்ளிக்கிழமையும் மற்றது திங்கட்கிழமையும் என்றால் வரும் எண் எந்த நாளுக்கும் உரியதல்ல.

சிங்கப்பூர் நாணய ஆணையமும் நாள்தோறும் ரேட் வெளியிடுகிறது. ஆனால் 100 இந்திய ரூபாய்க்கு எத்தனை சிங்கப்பூர் டாலர் என்று தலைகீழாக. 1.60 என்று பார்த்தால் 100-ஐ 1.60-ஆல் வகுக்க வேண்டும், 62.50 வரும்.

இன்னொரு பட்டியல் பாரத ஸ்டேட் வங்கியின் அன்றாட ரேட் தாள். இதில் சிங்கப்பூர் டாலரும் இருக்கும். ஒவ்வொரு நாணயத்துக்கும் `TT BUY`, `TT SELL`, `CN BUY`, `CN SELL` என்று பல பத்திகள். வாங்குவதும் விற்பதும் இங்கே வங்கியின் பார்வையில் சொல்லப்படுபவை. பயணிக்கு வங்கி நாணயத்தை விற்கிறது. ஆகவே நோட்டுக்கு ஒப்பிட வேண்டியது `CN SELL`. ஆனால் பல அலுவலகங்களில் `TT BUY` பத்தியை எடுத்துப் போடுவதைப் பார்க்கலாம். காரணம், வருமான வரி விதிகளின் 115-ஆவது விதி, வெளிநாட்டு வருமானத்தை ரூபாயாக்க ஸ்டேட் வங்கியின் இந்த ரேட்டைச் சொன்னது. வரிக் கணக்கில் பழகிய கை அதையே பயணக் கணக்கிலும் போடுகிறது. வருமானத்துக்கான ரேட்டில் செலவைக் கணக்கிட்டால் ஊழியருக்கு ஒவ்வொரு பில்லிலும் குறையும். நாள் சரி, வங்கி சரி, தாள் சரி; பத்தி மட்டும் தவறு.

இந்தத் தாளை வங்கி அன்றன்று மாற்றி ஏற்றும். மூன்று வாரம் கழித்துத் தேடினால் அன்றைய தாள் எளிதில் கையில் அகப்படாது. வெளிநாட்டுப் பயணம் அடிக்கடி இருக்கும் அலுவலகம் தினமும் அதைச் சேமித்துவைப்பது நல்லது.

தீபாவளியும் மும்பை நாட்காட்டியும்

பட்டியலில் எல்லா நாளுக்கும் ரேட் இருக்காது. சனி, ஞாயிறு மட்டும் என்றால் எளிது. விடுமுறை நாள்தான் தொல்லை. ரேட் வெளிவருவது மும்பைச் சந்தையின் நாட்காட்டிப்படி. 2024-இல் நமக்குத் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். திருச்சியில் அன்று விடுமுறை. மும்பையில் சந்தை நடந்தது. மறுநாள் நவம்பர் 1, அங்கே லட்சுமி பூஜை, சந்தை மூடல். ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். மும்பைக்கு அது தெரியாது, ரேட் வழக்கம்போல் வரும். ஆகவே நம் ஊர் விடுமுறைப் பட்டியலை வைத்து “அன்று ரேட் இல்லை” என்று எழுதக் கூடாது.

ரேட் இல்லாத நாளுக்கு அதற்கு முந்தைய வேலை நாளின் ரேட் என்று ஒரே விதியாக வைத்துக்கொண்டால் போதும். ஒரு பில்லுக்கு முந்தைய நாள், இன்னொன்றுக்கு அடுத்த நாள் என்று மாற்றி எடுக்க இடம் தந்தால், எப்போதும் லாபமான பக்கமே எடுக்கப்படும். எக்செல் தாளில் இந்த விதியை ஒரு வரியில் எழுதிவிடலாம். தேதிகள் ஏறுவரிசையில் இருக்கும் `Rates` தாளில்:

```
=VLOOKUP(A2,Rates!$A$2:$B$400,2,TRUE)
```

கடைசியில் உள்ள `TRUE` முக்கியம். தேடும் தேதி இல்லையென்றால் அதற்கு முன்னால் உள்ள கடைசித் தேதியின் ரேட்டை அது எடுத்துத் தரும். `FALSE` போட்டால் விடுமுறை நாளெல்லாம் பிழை காட்டும். தட்டச்சு செய்பவர் கையால் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு நிரப்புவார். வரிசை கலைந்திருந்தால் `TRUE` தவறான ரேட்டைப் பிழை காட்டாமலே தரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கொழும்பு, 2022 மார்ச்

சிங்கப்பூர் கணக்கில் நாள் வித்தியாசம் 162 ரூபாயாக இருந்தது. எப்போதும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2022 மார்ச் முதல் வாரம்வரை இலங்கை ரூபாய் ஓர் அமெரிக்க டாலருக்கு 200-ஐ ஒட்டி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. மார்ச் 7-ஆம் தேதி இலங்கை மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மாதக் கடைசிக்குள் டாலர் 290-ஐத் தாண்டியது.

அந்த மாதம் கொழும்பில் 60,000 இலங்கை ரூபாய்க்கு ஒரு ஹோட்டல் பில் என்று வைத்துக்கொள்வோம். 200 ரேட்டில் அது 300 டாலர். இந்திய ரூபாய் அப்போது டாலருக்கு 76-ஐ ஒட்டி இருந்ததால் 22,800 ரூபாய். 295 ரேட்டில் அதே பில் 203 டாலர் சொச்சம், சுமார் 15,450 ரூபாய். மாதத் தொடக்கத்தில் போனவுடன் டாலரை மாற்றி வைத்துக்கொண்டு, கடைசி வாரத்தில் பில் கட்டியவருக்குப் பில் தேதி ரேட்டைப் போட்டால் 7,000 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகிறது. முதல் வாரத்தில் தேய்த்த கிரெடிட் கார்டு, பிடி தளர்ந்த பிறகு கணக்கில் ஏறியிருந்தால் நேர்மாறு: பில் தேதி ரேட்டில் அலுவலகம் அதிகம் கொடுத்திருக்கும். மாதச் சராசரி எடுத்தாலோ இருவருக்குமே பொருந்தாத ஓர் எண் வரும். தரநிலை 11 சராசரிக்கு இடம் தரும்போதே, ரேட் பெரிதாக ஆடும் காலத்துக்கு அது ஆகாது என்று சொல்வது இதனால்தான்.

பில் தேதி ரேட் நடுநிலையானது என்று தோன்றுவதற்குக் காரணம், சாதாரண மாதங்களில் அதன் தவறு சிறிதாக இருப்பதுதான். நெருக்கடி மாதத்தில் அது ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறது.

தாளைப் பார்த்தே கண்டுபிடிக்கக் கூடியவை

சரிபார்ப்பவர் ரசீதுகளைத் திறக்கும் முன்பே, தாளில் ஒரு கூடுதல் பத்தி போட்டு ஒவ்வொரு வரியிலும் ரூபாயை வெளிநாட்டுத் தொகையால் வகுத்துப் பார்க்கலாம். பயணி உண்மையில் கேட்கும் ரேட் அதுதான். அந்தப் பத்தியைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் பிழைகள் இரு முனைகளிலும் வந்து நிற்கும்.

சிங்கப்பூர்ப் பில் வரியில் 84 என்று வந்தால், பில்லில் இருந்த `$` குறியை அமெரிக்க டாலர் என்று எடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் கடைப் பில்கள் பெரும்பாலும் வெறும் `$` தான் போடும். இந்த ஒரு பிழையில் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும். யென் வரியில் ரேட் நூறு மடங்கு ஆகியிருந்தால், 100 யென்னுக்குச் சொன்ன ரேட்டை ஒரு யென்னுக்குப் போட்டிருக்கிறார்கள். இலங்கை ரூபாய்க்கு 0.3762 என்பதை 0.38 என்று சுருக்கியிருந்தால் தொகை 1 சதவீதம் கூடும். ஒரு டாலருக்கு 62.90 என்று இரண்டு தசமம் போதும். ஒன்றுக்குக் குறைந்த ரேட்டுக்கு நான்கு தசமமாவது வேண்டும்.

தேதிப் பிழை இவற்றைவிட நுட்பமானது. `03/07` என்பது நமக்கு ஜூலை 3. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மார்ச் 7. ரேட் நான்கு மாதம் தள்ளி எடுக்கப்படும், எண் ஏறத்தாழச் சரியாகவே இருக்கும், கண்ணில் படாது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு. தேதி 12-க்குள் இருந்தால் கணினி மாதத்தையும் நாளையும் மாற்றி ஏற்றுக்கொள்ளும். 12-ஐத் தாண்டினால் ஏற்க முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும்; அது கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றால் அந்தத் தாளின் ஒரு தேதியையும் நம்பக் கூடாது.

கடைசியாக, எல்லா வரியிலும் ஒரே ரேட் துல்லியமாக வந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. நோட்டும் கார்டும் கலந்த பயணத்தில் அப்படி வராது. யாரோ ஒரு ரேட்டைத் தட்டி எல்லாவற்றையும் பெருக்கியிருக்கிறார்கள்.

முடிவாக

பில் தேதியா, பயணச் சராசரியா என்ற வாதத்தில் இரண்டுமே இரண்டாம் தரமானவை. ரூபாய் எந்த ரசீதில் வெளிநாட்டு நாணயமாக மாறியதோ அந்த ரசீதின் ரேட்டே செல்லும். பொதுப் பட்டியல் அதைச் சோதிக்கவும், ரசீது இல்லாதபோது ஈடுகட்டவும் மட்டும். இந்த முறைக்கு அலுவலகம் ஐந்து வரிகளை முன்கூட்டி எழுதிவைத்தால் போதும்: ரொக்கத்துக்கு வரி சேர்ந்த எடையிட்ட சராசரி, கார்டுக்கு மார்க்கப் உட்பட ஸ்டேட்மென்ட் தொகை, ரசீது இல்லாததற்கு எந்தப் பட்டியலின் எந்தப் பத்தி, விடுமுறையென்றால் முந்தைய வேலை நாள், மிச்ச நோட்டின் நஷ்டம் யாருடையது. பயணம் போகிறவர்கள் நாணய மாற்றுக் கடையின் பில்லையும் அந்த மாத ஸ்டேட்மென்ட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். அவை இல்லாமல் கொண்டுவரும் ஹோட்டல் பில் எத்தனை டாலர் செலவானது என்று சொல்லும். எத்தனை ரூபாய் என்று சொல்லாது.